60 வயதில் ஒரு கோடியா, 43 இலட்சமா?

*ஐயா, எனக்கு 45 வயது, ஊர் காரைதீவு. 2010 முதல் சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருக்கிறேன். சம்பளச் சீட்டில் மொத்தம் 75,000 ரூபா. 2024 முடிவில் ஈ.பி.எப் மீதி 16 இலட்சத்து 20 ஆயிரம். 60 வயதில் ஓய்வு பெறும்போது எவ்வளவு கிடைக்கும்? அந்த மீதியோடு மாதம் 15,000 வீதம் 15 வருடத்துக்குக் கூட்டினால் எனக்கு 43 இலட்சம் வருகிறது. மச்சான் ஒரு கோடி வரும் என்கிறார். இடையில் ஆலை கொஞ்சக் காலம் காசு கட்டவில்லை என்றும் ஒரு கதை இருக்கிறது. பிஸ்கட் தகரத்தில் இருந்த பழைய கூற்றுகளையும் சம்பளச் சீட்டையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன்.*

தம்பி, மச்சான் சொன்னது கிட்டத்தட்டச் சரி. உங்கள் தொகையும் உண்மையிலிருந்து அவ்வளவு தூரமில்லை, ஆனால் அது தவறான வழியால் போய்ச் சேர்ந்த இடம். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் பொருந்தும் என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் தகரத்துக்குள் இருந்ததைப் பார்ப்போம்.

உங்கள் 2024 கூற்றில் அந்த வருடத்துப் பங்களிப்பு 110,400 ரூபா என்று இருக்கிறது. இது உங்கள் பங்கு 8 வீதமும் முதலாளியின் பங்கு 12 வீதமும் சேர்ந்த 20 வீதம். 110,400ஐ 0.20ஆல் வகுத்தால் 552,000, அதை 12 மாதத்தால் வகுத்தால் 46,000. ஆக ஆலை உங்களுக்குச் சேமலாப நிதி கட்டுவது 46,000 ரூபாவுக்கு, 75,000 ரூபாவுக்கு அல்ல. நீங்கள் மாதம் 15,000 என்று எடுத்த இடத்தில் உண்மையில் போவது 9,200.

சம்பளச் சீட்டைப் பார்த்தால் காரணம் தெரிகிறது. அடிப்படையும் வாழ்க்கைச் செலவுப்படியும் சேர்ந்து 46,000, மேலதிக நேரக் கொடுப்பனவு 18,000, பயணப்படி 11,000. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி மேலதிக நேரக் காசுக்குச் சேமலாப நிதி இல்லை. போக்குவரத்துக்குச் செலவழித்ததை ஈடு செய்யத் தரும் காசுக்கும் இல்லை. ஆனால் வாழ்க்கைச் செலவுப்படிக்கும், சமைத்தோ சமைக்காமலோ தரும் சாப்பாட்டின் பெறுமதிக்கும், தரகுக்கும், லீவு நாள் சம்பளத்துக்கும் உண்டு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் ஆலைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு சைக்கிளில் போய் வருகிறீர்கள் என்றால், மாதாமாதம் மாறாமல் வரும் அந்த 11,000 ரூபா உண்மையிலேயே பயணச் செலவா என்று கேட்கலாம். சம்பளத்தின் ஒரு துண்டுக்குப் பயணப்படி என்று பெயர் வைத்துச் சேமலாப நிதியைக் குறைப்பது நம் பக்கத்தில் அரிதான காரியம் அல்ல. அதைத் தொழில் திணைக்களத்தில் கேட்டுத் தெளிவுபடுத்தலாம். இப்போதைக்கு உள்ளபடி 46,000 என்றே வைத்துக் கணக்குப் போடுவோம்.

ஓய்வுக் கணக்கைச் சம்பளச் சீட்டிலிருந்து தொடங்காமல் கூற்றிலிருந்து தொடங்கச் சொல்வது இதனால்தான். சீட்டில் இருப்பது வாக்குறுதி. கூற்றில் இருப்பதுதான் மத்திய வங்கிக்குப் போய்ச் சேர்ந்த காசு.

அடுத்து, இந்தப் பங்களிப்பு எவ்வளவு வேகத்தில் கூடும்? இதற்கும் தகரத்தில் பதில் இருக்கிறது. 2014இல் உங்கள் வருடப் பங்களிப்பு 48,000. 2024இல் 110,400. பத்து வருடத்தில் 2.3 மடங்கு, அதாவது வருடத்துக்குச் சராசரி 8.7 வீதம். பார்க்க நல்ல வளர்ச்சிதான். ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது நினைவிருக்கும். அந்த அடிக்குப் பிறகு முதலாளிகள் கொடுத்த உயர்வுகளும் இந்த 8.7க்குள் இருக்கின்றன. அவை சம்பளம் வளர்ந்ததைவிட, விலையின் பின்னால் மூச்சிரைக்க ஓடியதைத்தான் காட்டுகின்றன. இனிவரும் 15 வருடத்துக்கும் அதையே நீட்டக் கூடாது. மத்திய வங்கியின் பணவீக்க இலக்கு 5 வீதம். அதற்குமேல் ஒரு வீதம் சேர்த்து 6 என்று வைக்கிறேன். களஞ்சியப் பொறுப்பாளருக்கு இனிப் பெரிய பதவி உயர்வு இல்லையென்றால் இது நியாயமான எண்.

மூன்றாவது, வட்டி. ஆட்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. 2015 முதல் 2017 வரை நிதியம் 10.5 வீதம் கொடுத்தது. 2018இல் 9.5, 2019இல் 9.25, அதன்பிறகு மூன்று வருடம் 9. 2023இல் திடீரென்று 13, 2024இல் 11. மச்சான் 13 வீதத்தை நினைத்துக்கொண்டு பேசுகிறாரோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். 13 வந்தது நாட்டில் வட்டி உச்சிக்குப் போன காலத்தின் பலன். நிதியத்தின் பணத்தில் மிகப் பெரும் பகுதி அரசாங்கத்தின் திறைசேரி முறிகளில்தான் இருக்கிறது. சந்தையில் முறி வட்டி இறங்கினால் ஓரிரு வருடம் தள்ளி உங்கள் கூற்றிலும் இறங்கும். 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் நிதியம் மாற்றி எடுத்த முறிகளுக்கு முதலில் 12 வீதம், பிறகு முதிர்வு வரை 9 வீதம். இதையெல்லாம் பார்த்து, 15 வருடச் சராசரிக்கு 8 வீதம் என்று வைக்கிறேன். கஞ்சத்தனமாகத் தெரியலாம். ஓய்வுக் கணக்கில் பிழைவிட்டால் குறைவான பக்கம் பிழைவிடுவதுதான் நல்லது.

சரி, இப்போது ஒரு வருடத்தை மட்டும் கையால் போட்டுப் பார்ப்போம். 2025இன் தொடக்க மீதி 1,620,000. அதற்கு 8 வீதம் வட்டி 129,600. அந்த வருடப் பங்களிப்பு 110,400இலிருந்து 6 வீதம் கூடி 117,024. இந்தக் காசு ஜனவரியில் மொத்தமாக வராமல் மாதாமாதம் வருவதால், இதற்குச் சராசரி அரை வருட வட்டி என்று 4 வீதம் மட்டும் எடுக்கிறேன்: 4,681 ரூபா. எல்லாம் கூட்டினால் 2025 முடிவில் 1,871,305. அதுவே 2026இன் தொடக்க மீதி. பங்களிப்பு இன்னும் 6 வீதம் கூடும். இப்படியே 15 தடவை.

கையால் 15 தடவை போட வேண்டாம். மகளிடமோ மகனிடமோ சொல்லி எக்செல் தாளில் போடச் சொல்லுங்கள். B2இல் தொடக்க மீதி, C2இல் அந்த வருடப் பங்களிப்புக்கு =110400*(1+$F$2), F1இல் வட்டி 8%, F2இல் வளர்ச்சி 6%. பிறகு மூன்றாம் வரியில் இவை:

```
B3: =B2*(1+$F$1)+C2*(1+$F$1/2)
C3: =C2*(1+$F$2)
```

அந்த வரியைக் கீழே இழுத்துவிட்டால் B17இல் 2039 முடிவின் மீதி நிற்கும்.

இழுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். இதே வாய்ப்பாட்டை நடந்து முடிந்த ஒரு வருடத்துக்குப் போடுங்கள். 2023 முடிவின் மீதியையும் 2024இன் பங்களிப்பையும் போட்டு, வட்டிக்கு 11 கொடுத்தால், விடை கூற்றில் உள்ள 1,620,000க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஆறாயிரம் ரூபாவுக்குள் கூடக் குறைய இருந்தால் அதை விட்டுவிடலாம். வருடத்துக்குள் வந்த பங்களிப்புக்கு நான் அரை வருட வட்டி எடுத்ததால் வரக்கூடிய வித்தியாசம் அவ்வளவுதான். அதைவிடப் பெரிதாக விலகினால் மீதியை எங்கோ பிழையாக எழுதியிருக்கிறீர்கள், அல்லது இடையில் காசு எடுத்திருக்கிறீர்கள்.

விடை இதுதான்: 2039 முடிவில் சுமார் 98 இலட்சத்து 60 ஆயிரம். மச்சானுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள்.

ஆனால் குடிக்கும்போதே அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: 2039இல் அந்தத் தேத்தண்ணி என்ன விலை? பணவீக்கம் இலக்கின்படி வருடம் 5 வீதத்திலேயே நின்றாலும் 15 வருடத்தில் விலைகள் 2.08 மடங்காகும். இன்று 100 ரூபா விற்பது அன்று 208. ஆகவே அந்த 98.6 இலட்சத்தை 2.08ஆல் வகுத்தால்தான் இன்றைய காசில் அதன் பெறுமதி தெரியும்: சுமார் 47 இலட்சம். வீட்டுச் செலவு, மருந்து, மகளின் கல்யாணம் என்று நீங்கள் இன்றைய விலையில் நினைத்து வைத்திருக்கும் எதையும் இந்த 47 இலட்சத்தோடுதான் ஒப்பிட வேண்டும், கோடியோடு அல்ல.

உங்கள் 43 இலட்சம் இதற்குப் பக்கத்தில் வந்து நின்றது இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால். 46,000க்குப் பதில் 75,000 எடுத்ததால் பங்களிப்புக் கூடிவிட்டது. வட்டியையும் சம்பள உயர்வையும் விட்டதால் குறைந்துவிட்டது. நீங்கள் செய்த அதே கூட்டலை உண்மையான 9,200 ரூபாவுக்குச் செய்திருந்தால் 33 இலட்சத்துக்கும் குறைவாகவே வந்திருக்கும்.

இனி இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்போம். F1இல் 8ஐ 7 ஆக்கிப் பாருங்கள்: 88.6 இலட்சம். 9 ஆக்கினால் 109.8 இலட்சம். வட்டி ஒரு வீதம் ஆடினால் முடிவு 10 இலட்சம் ஆடுகிறது. இப்போது வட்டியை 8லேயே விட்டு, சம்பள வளர்ச்சியை 6இலிருந்து 5 ஆக்குங்கள்: 95.3 இலட்சம். மூன்றே கால் இலட்சம்தான் குறைகிறது. சம்பள உயர்வுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். காரணம் எளிது. அந்த 98.6 இலட்சத்தில் பாதிக்கு மேல், 51 இலட்சத்துச் சொச்சம், இன்று ஏற்கெனவே கிடக்கும் 16.2 இலட்சம் குட்டி போட்டு வருவது. அதற்கும் இனிவரும் சம்பளத்துக்கும் சம்பந்தமே இல்லை. 25 வயதுப் பிள்ளை இந்தக் கணக்கைப் போட்டால் சம்பள வளர்ச்சிதான் பெரிதாக நிற்கும். உங்கள் வயதில் பெட்டிக்குள் இருப்பதுதான் பெரிது.

அதனால் பெட்டியிலிருந்து எடுப்பதையும் இதே கண்ணால் பாருங்கள். பத்து வருடத்துக்கு மேல் பங்களித்தவர்கள் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் வரை எடுக்கலாம். நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வயதில் எல்லோரும் கேட்பது இது. இன்று நீங்கள் 30 வீதம் எடுத்தால் கையில் வருவது 486,000. 2039இல் குறையப்போவது 15 இலட்சத்து 40 ஆயிரம். இன்றைய காசில் 7 இலட்சத்து 40 ஆயிரம். வீட்டுக்கு நிதியம் தரும் வட்டியைவிட அதிக வட்டியில் கடன் எடுக்க வேண்டியிருந்தால் எடுப்பதில் நியாயம் உண்டு. மதில் கட்ட எடுக்காதீர்கள்.

ஆண்களுக்கு 55 வயதிலேயே எடுக்கும் உரிமை வந்துவிடும். அந்த வயதில், அதாவது 2034 முடிவில், இதே தாள் 57.4 இலட்சம் காட்டுகிறது, இன்றைய காசில் 35 இலட்சம். 55க்கும் 60க்கும் இடையில் இன்றைய காசில் 12 இலட்சம் வித்தியாசம் என்பதை மனதில் வைத்து முடிவெடுங்கள்.

இப்போது ஆலை காசு கட்டவில்லை என்ற அந்தக் கதைக்கு வருவோம். கதை உண்மைதான் போலிருக்கிறது. உங்கள் கூற்றுகளிலிருந்து நான்கு வருடத்துப் பங்களிப்பை எடுத்து எழுதினேன். 2017இல் 60,000. 2018இல் 64,800. 2019இல் 23,200. 2020இல் 74,400. இந்த 23,200 மட்டும் வரிசையில் நிற்கவில்லை. 2018இன் எண்ணை 240ஆல், அதாவது 12 மாதத்தாலும் 20ஆலும் வகுத்து நூறால் பெருக்கினால் மாதச் சம்பளம் 27,000 வருகிறது. 2020க்கு அதுவே 31,000. இடையில் 2019க்கு 29,000 இருந்திருக்க வேண்டும், நீங்கள் அனுப்பிய அந்த வருடத்துச் சீட்டும் அதையே சொல்கிறது. 29,000க்கு மாதப் பங்களிப்பு 5,800. 23,200ஐ 5,800ஆல் வகுத்தால் சரியாக 4. பன்னிரண்டு மாதத்தில் நாலு மாதம்தான் உங்கள் கணக்குக்கு வந்திருக்கிறது. எட்டு மாதம் இல்லை.

இப்படி மீதமில்லாமல் வகுபடுவது நல்ல தடயம். சம்பளத்தைக் குறைத்துக் கட்டியிருந்தால் வருடத் தொகை குறையும், ஆனால் மாதப் பங்களிப்பால் இப்படித் துண்டு துண்டாக வகுபடாது. வகுபட்டால் முழு மாதங்களே காணாமல் போயிருக்கின்றன.

எட்டு மாதம் என்றால் 46,400 ரூபா. போனால் போகட்டும் என்று தோன்றும். 2020 முதல் 2024 வரை நிதியம் கொடுத்த வட்டியோடு அது 2024 முடிவில் சுமார் 75,000 ஆகியிருக்கும். அங்கிருந்து 8 வீதத்தில் 2039க்குப் போனால் 2 இலட்சத்து 39 ஆயிரம். விடக்கூடிய காசு அல்ல.

ஆனால் முதலாளியிடம் சண்டைக்குப் போக முன்னால், கட்டவே இல்லையா அல்லது கட்டிய காசு வழி தவறிப் போனதா என்று பிரித்தறிய வேண்டும். இரண்டுக்கும் கதவு வேறு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நிறுவனத்தில் என் அங்கத்தவர் இலக்கத்தில் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டார்கள். 17 மாதக் காசு யாரோ ஒரு அண்ணரின் கணக்கில் போய் நின்றது. முதலாளி கட்டவில்லை என்று நான் மூன்று மாதம் முகம் கொடுக்காமல் திரிந்தேன். பாவம் மனுசன், ஒவ்வொரு மாதமும் ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறார்.

ஆலை அலுவலகத்தில் 2019 ஜனவரி முதல் டிசம்பர் வரையான சி படிவங்களின் பிரதியைக் கேளுங்கள். எந்த நாலு மாதம் வந்தது என்று அரைவருடக் கூற்றைப் பார்த்தால், மாதங்களை இன்னும் நிச்சயமாகக் குறிக்கலாம். சி படிவத்தில்தான் யாருக்கு, எந்த இலக்கத்தில், எவ்வளவு கட்டப்பட்டது என்று இருக்கும். உங்கள் பெயர் இருந்து, அங்கத்தவர் இலக்கமோ அடையாள அட்டை இலக்கமோ பிழை என்றால், அது மத்திய வங்கியின் சேமலாப நிதித் திணைக்களத்துக்குத் திருத்தம் எழுத வேண்டிய விசயம். ஆலை ஒரு கடிதம் தந்தால் போதும், மனக்கசப்பு வேண்டாம். பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டையிலிருந்து 12 இலக்கத்துக்கு மாறியவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

சி படிவமே இல்லை, அல்லது அதில் உங்கள் பெயர் இல்லை என்றால், அது தொழில் திணைக்களத்தின் வேலை. உங்கள் பகுதித் தொழில் காரியாலயத்துக்குப் போகும்போது, அந்த எட்டு மாதச் சம்பளச் சீட்டுகளைக் கொண்டுபோங்கள். சீட்டில் 8 வீதம் கழித்திருப்பது தெரிந்தால், 2,320 ரூபா என்று எட்டுத் தடவை இருந்தால், அதற்கு மேல் பேச்சில்லை. உங்களிடம் பிடித்த காசைக் கட்டாமல் வைத்திருந்தார்கள் என்பதற்கு அவர்களே எழுதித் தந்த சாட்சி அது. பங்களிப்பை அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். தாமதித்தால் முதலாளி 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் செலுத்த வேண்டும், கட்ட மறுத்தால் நீதவான் நீதிமன்றம் வரை திணைக்களம் போகலாம். முதலாளியின் 12 வீதத்தை உங்கள் சம்பளத்தில் கழிக்க அவருக்கு உரிமை இல்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள். சில இடங்களில் பழைய பாக்கியைக் கட்டும்போது அப்படிச் செய்யப் பார்ப்பார்கள்.

வேலையில் இருந்துகொண்டு முறைப்பாடு கொடுக்கத் தயக்கமாக இருக்கும், தெரியும். பெரும்போக நெல் வந்து குவியும் நாட்களில் கணக்கரிடம் கேட்காதீர்கள், அவருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. அறுவடை அடங்கிய பிறகு, "வங்கிக் கடனுக்குப் பழைய சி படிவப் பிரதி கேட்கிறார்கள்" என்று சொல்லாமல், உள்ளதை உள்ளபடியே கேளுங்கள். கட்டாமல் விட்டது மனமறிந்து அல்லாமல், அந்த வருடம் கணக்கர் மாறியதால்கூட இருக்கலாம்.

இதற்கிடையில் 2025 முடிவுக்கான கூற்று வந்ததும், நான் ஊகித்த 1,871,305ஐ அழித்துவிட்டு உண்மையான மீதியை B3இலும், கூற்றிலுள்ள பங்களிப்பை 6 வீதம் கூட்டி C3இலும் போடுங்கள். 117,024க்குப் பதில் கூற்றில் வேறு எண் இருந்தால் முதலில் அதை 12ஆல் வகுத்துப் பாருங்கள்.